முழுச் சங்கரா பொரிப்பதற்கு எந்த அளவு மீன் வாங்குவது?

கேள்வி: சங்கரா மீனைக் கீறி முழுதாகப் பொரிக்கிறேன். தோல் சட்டியில் ஒட்டிக் கிழிகிறது. மசாலா கருகியும் முதுகுப் பக்கம் வேகவில்லை. வாங்கும்போது என்ன அளவு பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் பொரிக்க வேண்டும்?

பதில்: அரைக் கிலோவுக்கு நான்கைந்து நிற்கும்படி, ஒரே அளவில் பொறுக்கி எடுத்துக் கேளுங்கள். பெரிதும் சிறிதும் கலந்து வாங்கினால், ஒரே சட்டியில் சிறியது காய்ந்து போகும்போது பெரியதன் நடுமுள்ளை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும். செவிள் சிவந்தும் சதை விரலுக்கு இறுகியும் இருக்கட்டும். தளர்ந்த மீனில் கீறினால் சதை பிய்ந்துவிடும். செதிலையும் செவிளையும் குடலையும் நீக்கித் தரச் சொல்லுங்கள், கீறலை மட்டும் வீட்டில் நீங்களே போடுங்கள். கடையில் அவசரமாகப் போடும் கீறல் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அது நடுமுள்ளைத் தொட வேண்டும். ஒரு பக்கத்திற்கு மூன்று, விரல்கடை இடைவெளியில், முதுகுப் பக்கம் சற்று ஆழமாகப் போட்டால் போதும்.

தோல் ஒட்டுவதற்கு முதல் காரணம் ஈரம். கழுவிய மீனை வயிற்றின் உட்புறமும் கீறல்களின் உள்ளும் துணியால் ஒற்றி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு இழுத்து வெளியேற்றும் நீரை வடித்து மீண்டும் லேசாக ஒற்றிய பிறகு, எண்ணெயில் போடும் தறுவாயில்தான் அரிசி மாவை மெல்லியதாகத் தூவி, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். முன்கூட்டியே தூவினால் மாவு ஊறிப் பசையாகி, எண்ணெயில் கழன்று கருகுகிறது. இஞ்சி பூண்டு விழுதை விரும்பினால் கீறலுக்குள் மட்டும் தடவுங்கள், ஏனெனில் மேலே கருகுவது பெரும்பாலும் அதுதான்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வெப்பமானி இல்லாவிட்டால், ஈரமில்லாத மரக்கரண்டியின் காம்பை விட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிக் குமிழிகள் விடாமல் எழுந்தால் சூடு சரி, புகை வந்தால் மிகுதி. சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், முக்கால் லிட்டருக்கு இரண்டு மீனுக்கு மேல் போடவும் வேண்டாம். சேர்த்துப் போட்டால் சூடு இறங்கி, மீன் எண்ணெய் குடிக்கும்.

அரைக் கிலோவுக்கு ஐந்து நிற்கும் மீன், அதாவது ஒன்று சுமார் 100 கிராம், ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். முதல் இரண்டு நிமிடம் கரண்டி வைக்காமல் விட்டால் மேற்புறம் இறுகித் தானே விடுபடும், அதன் பின்னரே திருப்புங்கள். 50 கிராம் மீனுக்கு 180 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் போதும். 200 கிராமைத் தாண்டிய மீனுக்குச் சூட்டை 165 டிகிரிக்குக் குறைத்து, எட்டு அல்லது ஒன்பது நிமிடம் கொடுக்க வேண்டும். சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முயன்றதால்தான் உங்கள் மீன் வெளியே கருகி உள்ளே வேகாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

குமிழிகளின் சலசலப்பு அடங்கும்போது ஒரு மீனை எடுத்து, முதுகுக் கீறலைக் கத்தி முனையால் விரித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பளபளப்பு மறைந்து சதை வெண்மையாகி முள்ளை விட்டு விலகினால் வெந்துவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் போடுங்கள். எடுத்ததைத் தாளின்மேல் குவிக்காமல் கம்பித் தட்டில் நிறுத்தி வையுங்கள், அடியில் ஆவி தங்கி மொறுமொறுப்பு போகாது.