கிறீன் தேற்றத்தில் 0 வருது, நேரே செய்தால் 2π

"(±1, ±1) மூலைச் சதுரத்தைச் சுற்றி (−y dx + x dy)/(x²+y²). யாழ் கம்பஸ் பயிற்சித்தாள். பக்கம் பக்கமாச் செய்தால் 2π, இரட்டைத் தொகையீடாக்கினால் 0. எது சரி?"

2π தான் சரி. ∂Q/∂x, ∂P/∂y இரண்டும் (y²−x²)/(x²+y²)² என்பது உண்மை, ஆனால் உற்பத்தியில் அவை இல்லை. வளவுக்கு நடுவில கிணறு இருக்க, முழுக்க நிலமெண்டு அளந்திருக்கிறியள். தேற்றம் செல்ல, வளையிக்கு உள்ளே ஒரு புள்ளிகூடத் தவறக் கூடாது.

உற்பத்தியைச் சுற்றி r ஆரையில் சின்ன வட்டம் கீறுங்கோ. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் தேற்றம் செல்லும், அங்க 0. ஆகவே இரண்டையும் இடஞ்சுழியாச் சுற்றினால் ஒரே விடை. வட்டத்தில் x²+y² = r² மாறிலி, வெளியே எடுங்கோ:

(1/r²)∮(−y dx + x dy) = (1/r²)∬2 dA = (1/r²)·2πr² = 2π

இப்ப தொகையீட்டுக்குள் பகுதியெண்ணே இல்லை, அதால வட்டத்துக்குள்ளும் தேற்றம் பாவிக்கலாம். இனி எந்தக் கணக்கிலும் முதலில் பகுதியெண் எங்க பூச்சியமாகுதெண்டு பாருங்கோ. அந்தப் புள்ளி வளையிக்கு வெளியே எண்டால் தேற்றத்தை நேரே பாவிக்கலாம், இந்தக் கணக்கில் அப்ப 0 சரிதான்.