8 மில்லிமீட்டர் பக்கவாதத்தால் பாதி உடல் மரத்துப்போகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, ரத்தக்கொதிப்பு உண்டு. ஒரு நாள் காலையில் எழுந்தபோது முகம், கை, கால் என்று இடது பக்கம் முழுவதும் மரத்திருந்தது. பலம் மட்டும் குறையவில்லை. சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில், மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில், வலது பக்கம் 8 மி.மீ. பக்கவாதம் என்றார்கள். இவ்வளவு சிறிய புள்ளி பாதி உடலைப் பாதிக்குமா? பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் தலாமஸ் பக்கவாதம்தான். ஆனால் அவர் தூங்கிக்கொண்டே இருந்தாரே, ஏன்?

பதில்: பாதிக்கும். இடது உடலின் தொடு உணர்வையும் வலியுணர்வையும் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்திலோ மூளைத்தண்டிலோ எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, வலது தலாமஸின் பின்பகுதியில் அருகருகே இருக்கும் இரண்டு நரம்புக்கருக்களில், அதாவது நரம்பணுத் திரள்களில், வந்து குவிகின்றன. முகத்துக்கான கரு உட்புறத்திலும், அதை ஒட்டி வெளிப்புறமாகக் கைக்கும் பிறகு காலுக்குமான கருவும் அமைந்துள்ளன. அங்கிருந்துதான் புதிய நரம்பிழைகள் மூளையின் மேலடுக்கான புறணிக்குச் செல்கின்றன. புறணியில் விரிந்து கிடக்கும் உணர்வுப் பரப்பு இங்கே மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடுவதால், அந்த இடத்துக்கு ரத்தம் தரும் ஒரு நுண்தமனி அடைபட்டாலே பாதி உடல் மரத்துப்போகிறது. அடைப்பு இன்னும் சிறிதாக இருந்தால் உதட்டோரமும் விரல் நுனிகளும் மட்டும் மரத்துப்போவதும் உண்டு. தசைகளை இயக்கும் நரம்பிழைகள் தலாமஸுக்கு வெளியே, அதை ஒட்டிய பாதையில் இறங்குகின்றன. உங்கள் தந்தையின் பலம் குறையாததற்கு அதுவே காரணம்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் நிலை வேறொரு தமனியைச் சுட்டுகிறது. தலாமஸின் நடுப்பகுதியில் உள்ள கருக்கள் எந்தப் புலனுக்கும் தனியாக உரியவை அல்ல. மூளைத்தண்டிலிருந்து வரும் விழிப்புத் தூண்டலைப் பெற்று, புறணியை விழிப்பாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. சிலருக்கு இருபுறமும் உள்ள இந்தப் பகுதிக்கு ஒரே தமனி, பெர்ஷெரோன் தமனி, ரத்தம் தருகிறது. அது அடைபட்டால் இரு பக்கமும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு, நோயாளி எழுப்பினால் கண் திறந்து, இரண்டு வார்த்தை பேசி, மீண்டும் உறங்கிவிடுகிறார். கை கால் விழாததாலும், முதல் சிடி ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாக இருப்பதாலும், சர்க்கரைக் குறைவு அல்லது மாத்திரை மயக்கம் என்று காலம் கடத்தப்படுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கண்கள் மேலும் கீழும் அசையாமல் இருப்பது, அங்கே பயன்படும் ஒரு முக்கியமான தடயம்.

உங்கள் தந்தைக்கு இனி ஒன்றைக் கவனியுங்கள். மரத்த பக்கத்தில் சில வாரங்களிலோ மாதங்களிலோ எரிச்சலும் வலியும் தொடங்கலாம். சட்டை உரசுவதும் குளிர்ந்த நீர் படுவதும்கூடத் தாங்க முடியாததாக இருக்கும். இது தோலிலோ மூட்டிலோ பிறப்பதன்று, தலாமஸில் ஏற்பட்ட சேதத்தின் விளைவு. பாராசிட்டமாலுக்கு அது பொதுவாக அடங்காது. அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை நரம்பியல் மருத்துவர் வயதையும் இதயத்தையும் பார்த்து, குறைந்த அளவில் தொடங்குவார். ரத்தக்கொதிப்பு மாத்திரையையும், ரத்தம் உறைவதைத் தடுக்கக் கொடுத்திருக்கும் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. குளிக்கும் வெந்நீரின் சூட்டை வலது கையால் மட்டும் அவர் பார்க்கட்டும். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் உறங்கினாலோ, 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.