பதவி வேண்டாம், வேலையைத் தாருங்கள்: சங்கம் கேட்டால் எப்படி மறுப்பது?

வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். சங்கத்தின் மேல் அக்கறை இருக்கிறது, நேரம் இல்லை. இந்த முறை ஐந்து பேருக்குப் பதில் சொல்கிறேன்.

நான் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிறேன். நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக வரும்படி தலைவர் சேர் வீடு தேடி வந்து கேட்டார். எனக்குப் படிப்பித்தவர். "யோசிச்சுச் சொல்றன் சேர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி எப்படி மறுப்பது? (ஆசிரியை, கல்லடி)

முதலில் இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். நம் ஊரில் "யோசிச்சுச் சொல்றன்" என்பதை அரைச் சம்மதமாகத்தான் எடுப்பார்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வேறு ஆள் தேடுவதை நிறுத்தியிருப்பார். பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் மறுத்தால் அவர் கையில் யாரும் இருக்கமாட்டார்கள். அக்கறை உள்ளவர் செய்யவேண்டிய முதல் வேலை, சீக்கிரம் சொல்வது.

போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செயலாளர் என்றால் மாதக் கூட்டம் இரண்டு மணித்தியாலம், கூட்டறிக்கை எழுத இன்னொரு இரண்டு, கடிதங்களும் தொலைபேசியும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம். வலயக் கல்வி அலுவலகம் போவதென்றால் வேலை நாளில் அரை நாள் போய்விடும். சாதாரண மாதத்திலேயே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆண்டு விழா வரும் மாதத்தில் இது இரட்டிக்கும். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் தயங்காமல் மறுக்கலாம். இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்தால் அதை என்ன வேலையாகக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

நேரில் பேசும்போது ஒரு காரணம் போதும். "பிள்ளைக்கு வகுப்பு, அம்மாவுக்குச் சுகமில்லை, பாடசாலையிலும் வேலை" என்று அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்வார்: "கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைப்பம் பிள்ளை, அப்ப வரலாம்தானே?" அதற்குப் பிறகு மறுப்பது, வர மனமில்லை என்பதுபோல் ஆகிவிடும். "இப்போதைக்கு", "பார்ப்பம்" என்ற சொற்களையும் விட்டுவிடுங்கள்.

பேசி முடித்த பிறகு கடிதம் கொடுங்கள். பெரியவர் கேட்ட விசயத்துக்குக் கடிதம் மட்டும் போனால் மனம் நோகும். வாயால் மட்டும் சொன்னால் அது சபையில் வேறு மாதிரிப் போய்ச் சேரும். இப்படி எழுதலாம்:

> மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,
>
> செயலாளர் பொறுப்புக்கு என்னை நினைத்து வீடுவரை வந்தமைக்கு மிக்க நன்றி. உயர்தர மாணவர்களின் வகுப்பும் சனிக்கிழமை மேலதிக வகுப்பும் என் பொறுப்பில் இருப்பதால், இவ்வருடம் அப்பொறுப்பை ஏற்க இயலாது. என் பெயரை முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பல முகவரிகளும் தொலைபேசி இலக்கங்களும் பழையவை. அதை நான் எடுத்துத் திருத்தி, ஆண்டு விழா அழைப்பிதழ் அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்னதாகப் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். பதிவேட்டை யாரிடம் பெற வேண்டும் என்று அறியத் தாருங்கள்.

இரண்டாவது பந்தியைக் கவனியுங்கள். "என்னால் முடிந்த உதவியைச் செய்வேன்" என்று எழுதியிருந்தால் அதை யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. இங்கே என்ன வேலை, எப்போது முடியும், யார் கைக்குப் போகும் என்பது மூன்றும் இருக்கிறது. கடைசி வரி அவர்களை ஒரு பதில் சொல்லவும் வைக்கிறது. அப்புறம், உங்களுக்குப் பதிலாக இன்னொருவரின் பெயரை அவரைக் கேட்காமல் எழுதிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் பலர் எழுதுகிறார்கள், ஆனால் உங்கள் சுமை அவர் தலையில் ஏறிவிடுகிறது.

பொருளாளராக "பெயரை மட்டும் தாங்க, வேலையை நாங்க பார்க்கிறம்" என்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் இரவுக் கடமையும் செய்கிறேன். சம்மதிக்கலாமா? (தாதி உத்தியோகத்தர், கல்முனை)

வேண்டாம். பொருளாளரின் பெயர் வங்கியில் கையெழுத்தாக இருக்கும். பெரும்பாலான சங்கங்களில் பொருளாளரோடு தலைவரோ செயலாளரோ சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். நீங்கள் கடமையில் நிற்கும்போது அவசரம் வந்தால், ஒன்றில் சங்கத்தின் வேலை நிற்கும், அல்லது காசோலைப் புத்தகத்தைக் கொண்டுவந்து "நாலைந்தில முன்கூட்டியே சைன் வைச்சுத் தாங்க" என்பார்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்தால், அதில் பிறகு எழுதப்படும் தொகைக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும். இடையில் விலகுவதும் லேசில்லை. கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதன் பிரதியோடு புதியவரின் மாதிரிக் கையெழுத்தை வங்கிக்குக் கொடுக்கும்வரை உங்கள் கையெழுத்துத்தான் அங்கே நிற்கும்.

பெயருக்கு உறுப்பினராக இருப்பதும் சங்கத்துக்குப் பாரம்தான். பதினொரு பேர் சபையில் ஆறு பேர் வந்தால் கோரம் என்று வையுங்கள். உங்களைப் போல மூன்று பேர் வரவே மாட்டார்கள் என்றால் மிச்சம் எட்டு. மார்கழி மழையில் இன்னும் மூன்று பேர் வராவிட்டால் கூட்டமே இல்லை.

உங்கள் கடமை நேர அட்டவணைக்கு ஒத்துவருவது, வருட இறுதியில் பற்றுச்சீட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. ஓய்வு நாள் ஒன்றில் உட்கார்ந்தால் ஒரு சிறிய சங்கத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் போகாத கூட்டத்தில் என்னைக் கோயில் பரிபாலன சபைக்குத் தெரிவு செய்துவிட்டார்கள். (களுவாஞ்சிகுடி)

அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: "எனது சம்மதம் பெறப்படவில்லை, ஏற்க இயலாது, இதை அறிக்கையில் பதியவும்." சும்மா போகாமல் இருந்தால், யாப்பில் உள்ளபடி மூன்று கூட்டம் வராதவர் என்றுதான் பெயர் நீக்கப்படும். அந்தப் பெயர் ஊரில் நிற்கும். இன்னொன்று, குடி வழியாக ஆட்களைத் தெரிவு செய்யும் கோயில்கள் நம் பக்கத்தில் உண்டு. உங்கள் கோயிலும் அப்படியென்றால் முதலில் குடியின் பெரியவர்களிடம் போங்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தருபவர்கள் அவர்கள்தான். அவர்கள் சபையில் வந்து கேட்க நேர்ந்தால் இரண்டு பக்கமும் கசப்பாகும். திருவிழாவில் ஒரு நாள் அன்னதானத்துக்கு மரக்கறி கொண்டுவந்து சேர்ப்பது என்பதுபோல் ஒரு நாள் பொறுப்பை அங்கேயே ஏற்றுக்கொண்டு வாருங்கள்.

கமக்காரர் அமைப்பின் செயலாளராகச் சொல்கிறார்கள். எனக்குக் கடையும் இருக்கிறது, வயலும் இருக்கிறது. எப்போது சொல்வது? (சம்மாந்துறை)

கன்னக் கூட்டத்துக்கு முதல். விதைப்பு நாளும் தண்ணீர் விடும் நாளும் அங்கேதான் தீர்மானமாகும். அந்தக் கூட்டத்தில் செயலாளர் இல்லாத அமைப்பு, தன் கண்டத்துக்காகப் பேச ஆள் இல்லாமல் நிற்கும். தலைவர் காக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டு, உங்கள் வாய்க்கால் துப்புரவுக்கு ஆட்களைச் சேர்க்கும் வேலையை எடுங்கள். விதைப்புக்கு முன்னமே முடியும் வேலை, கடைக்கும் இடைஞ்சல் இல்லை.

மறுத்தபோது ஒப்புக்கொண்ட சின்ன வேலையே இழுபடுகிறது. என்ன செய்ய? (அக்கரைப்பற்று)

சொன்ன திகதி வருமுன் செயலாளருக்கு அழைத்துச் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு இருக்காதீர்கள். முடிந்த பகுதியைக் கையில் கொடுத்து, மிச்சம் என்ன என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். நூறு பேருக்கு அழைப்பதாக ஏற்று அறுபது பேருக்குப் பேசியிருந்தால், மிச்ச நாற்பது பேரின் பெயரும் இலக்கமும் அந்தத் தாளில் இருக்கட்டும். இன்னொருவர் அன்றைக்கே அங்கிருந்து தொடங்கலாம்.