கொட்டேஷனுக்கு முன் இருபது நிமிடப் பேச்சு

கேள்வி: நாகர்கோவிலில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். போனில் விவரம் கேட்டுக் கொட்டேஷன் அனுப்பினால் 'பார்த்துட்டுச் சொல்லுதேன்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. முதல் போனிலேயே என்ன கேட்க வேண்டும்? பட்ஜெட்டை எப்படிக் கேட்பது?

பதில்: எத்தனை பக்கம், என்ன கலர் என்று தொடங்காதீர்கள். கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் 'வெப்சைட் வேணும்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவராகவே முடிவு செய்த மருந்து. நோய் என்னவென்று இன்னும் தெரியாது. முதலில் 'இதை இப்ப செய்யணும்னு ஏன் தோணிச்சு அண்ணாச்சி?' என்று கேளுங்கள். 'ஐயப்ப சீசன் வருது, போன வருஷம் ரூம் காலியாக் கிடந்தது' என்பார். அடுத்து, கடைசியாகத் தங்கிய பத்துப் பேர் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலோர் கூகுள் மேப்பில் பார்த்துப் போன் செய்தவர்கள் என்றால், வரவேற்பறைப் போனை எடுத்து, கடந்த சனிக்கிழமை ராத்திரி வந்த மிஸ்டு காலை எண்ணச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் ஐந்து வந்திருக்கிறது, ஒன்றுக்கும் திருப்பிப் பேசவில்லை. ஆள் தேடி வராமல் இல்லை, போனை எடுக்கத்தான் ஆள் இல்லை. வெப்சைட் போட்டால் மிஸ்டு கால்தான் கூடும்.

இந்த இடத்தில் தீர்வைக் கொட்டிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்; உற்சாகத்தில் பேசப் பேச, பணப் பேச்சுக்கு நேரமே இருக்காது.

'பட்ஜெட் எவ்வளவு?' என்று கேட்டால் 'நீங்களே சொல்லுங்க' என்றுதான் பதில் வரும். அதனால் நஷ்டத்தை அவர் வாயாலேயே கணக்குப் போட வையுங்கள். அந்த ஐந்தில் இரண்டு பேராவது தங்கியிருப்பார்கள் என்கிறார். ரூம் வாடகை 1,500 என்றால் வாரம் 3,000. கார்த்திகை, மார்கழி எட்டு வாரத்துக்கு 24,000. இதற்கு 40,000 ரூபாய் வெப்சைட்டை நீட்டினால் அவர் தயங்குவது நியாயம்தான்.

பிறகு இரண்டு அளவாகச் சொல்லுங்கள்: 'ராத்திரி வரும் போனை இன்னொரு நம்பருக்குத் திருப்பி, வாட்ஸ்அப்பில் உடனே பதில் போகும்படி செய்து, ஒரே பக்கத்தில் ரூம் படமும் வாடகையும் போட்டால் 12,000 முதல் 15,000 வரை ஆகும். ஆன்லைன் புக்கிங்கோடு முழு வெப்சைட் என்றால் 35,000க்கு மேல். உங்களுக்கு எது ஒத்துவரும்?' சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் பொறுக்காமல் நீங்களே விலையைக் குறைத்துவிடக் கூடாது. சின்னத் தொகைக்கே 'அய்யோ' என்றால், கொட்டேஷன் எழுதும் வேலை மிச்சம்.

போனை வைக்கும் முன், பணம் கொடுக்கும் முடிவு யாருடையது என்று கேட்பதை விடாதீர்கள். நம் மாவட்டத்தில் கடையில் இருப்பவர் ஒருவர், பணம் அனுப்பும் தம்பி கல்ஃபில் இருப்பார். அப்படியென்றால் அவரும் இருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் இன்னொரு முறை பேசிவிட்டுத்தான் கொட்டேஷன். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இவ்வளவு அனுப்பினால் போதும்: 'அண்ணாச்சி, சனிக்கிழமை ராத்திரி வர்ற போனை எடுக்க ஆளில்லை, வாரம் 3,000 போகுதுன்னு பேசினோம். 15,000க்குள்ள முடிக்கலாம். தம்பிகிட்ட என்னைக்குப் பேசலாம்?'