மணல் தட்டில் கடலோரத் தாவரங்கள்: இரண்டு கரையும் ஏன் ஒரே மாதிரி கரைகிறது?

கேள்வி: பதினோராம் வகுப்பு புவியியல் மாணவர்களுக்கு, கடலோரத் தாவரங்கள் அலையிலிருந்து கரையைக் காப்பதை மணல் தட்டில் செய்து காட்ட வேண்டும். போன வருடம் ஒரு தட்டில் குச்சி நட்டு, இன்னொன்றை வெறுமனே விட்டு அலை அடித்தோம். இரண்டிலும் கரை ஒரே மாதிரி கரைந்துவிட்டது. எங்கே தவறு?

குச்சிகளைத் தண்ணீருக்கு வெளியே, காய்ந்த மணலில் நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். கரைமேல் நிற்கும் குச்சியை அலை தொடுவதே இல்லை. கீழே, நீர் விளிம்பில் மணலை அரித்து ஒரு சின்னப் படி உண்டாக்குகிறது. படி சரியும்போது குச்சியும் சேர்ந்து விழுகிறது. அலையாத்தி மரம் நிற்பது அங்கே இல்லை. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில், தண்ணீருக்குள் நிற்கிறது. அலை கரையைத் தொடுவதற்கு முன்னாலேயே அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. மாதிரியிலும் குச்சி அங்கேதான் நிற்க வேண்டும்.

நான் இப்போது பயன்படுத்துவது மூன்றடி நீளம், ஓரடி அகலம் உள்ள பழைய கண்ணாடி மீன் தொட்டி. ஆழமான பிளாஸ்டிக் தட்டும் போதும். ஆனால் பக்கவாட்டில் அலையைப் பார்க்க முடிந்தால் பாதி பாடம் அங்கேயே நடந்துவிடும். நான்கைந்து முறை அலசிய ஆற்று மணலை ஒரு பக்கம் கொட்டி, நனைத்து, கையால் அழுத்தி, சரிவாக்குகிறேன். ஐந்து செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. உயரம் என்பது சரிவு. அந்த அளவில் அட்டையை முக்கோணமாக வெட்டி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் கரையை அதே வடிவத்தில் திரும்பக் கட்டலாம். காய்ந்த மணலைக் கொட்டி உடனே தண்ணீர் விட்டால், அலையே இல்லாமல் சரிவு தானாக அமுங்கிச் சரியும். அந்தச் சரிவை அலையின் வேலை என்று குறித்துக்கொள்வோம். அதனால் கரையைக் கட்டிய பிறகு, எதிர்ப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, 5 செ.மீ. ஆழம் வந்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

மரத்துக்குத் தென்னை ஈர்க்குச்சி. ஸ்பாஞ்சு, பச்சைத் துணி எல்லாம் வேண்டாம். அவை தண்ணீரை உறிஞ்சிச் சுவர் போல நிற்கும், மரம் அப்படி நிற்பதில்லை. ஈர்க்கை 7 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 3 செ.மீ. மணலுக்குள் இறங்கும்படி குத்த வேண்டும். நீர் விளிம்பிலிருந்து கடல் பக்கமாக 5 செ.மீ. தள்ளித் தொடங்கி 15 செ.மீ. வரைக்கும், அதாவது நீர் ஆழம் 1 முதல் 3 செ.மீ. வரை உள்ள பட்டையில் நடுங்கள். ஒன்றரை செ.மீ. இடைவெளியில், முன் வரிசையின் சந்துக்கு நேராகப் பின் வரிசைக் குச்சி வரும்படி நட்டால் ஏறக்குறைய 140 குச்சி பிடிக்கும். மாணவர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்துப் பதினைந்து குச்சியை அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. உங்கள் இரண்டு தட்டும் ஒத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அலை. தொட்டியின் அகலத்துக்கு வெட்டிய பலகையைச் செங்குத்தாகப் பிடித்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஒவ்வொரு மாணவரின் கையும் ஒவ்வொரு வேகம். அதனால் விளிம்பில் 5 செ.மீ. இடைவெளிவிட்டு இரண்டு கட்டைகளைக் கட்டி, பலகை அதற்குள் மட்டும் நகரும்படி செய்துவிடுங்கள். போனில் தாள ஒலி வைத்து, ஒரு நொடிக்கு ஒரு தள்ளல். எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாணவர் தள்ளட்டும். 5 செ.மீ. ஆழத்தில் அலை நொடிக்குச் சுமார் 70 செ.மீ. ஓடுகிறது. ஆகவே கரையில் பட்டுத் திரும்பும் அலை, அடுத்த தள்ளலோடு மோதிக் குழப்பும். பத்து தள்ளல், அப்புறம் தண்ணீர் அடங்கும்வரை நிறுத்தம். இப்படிப் பத்து முறை செய்தால் நூறு அலை.

அளப்பது எப்படி? தொட்டியின் நீளவாக்கில், சம இடைவெளியில் ஐந்து நூல் கட்டி, ஒவ்வொரு நூலுக்குக் கீழும் நீர் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தொடக்கத்திலும் நூறு அலைக்குப் பின்னும் குறிக்கிறோம். அலையின் உயரத்துக்குக் கண்ணாடியில் ஒரு அளவுகோல் ஒட்டி, போனில் மெதுவோட்டப் படம் பிடித்து, முகட்டையும் பள்ளத்தையும் படித்துக் கழிக்கிறோம். குச்சிப் பட்டைக்குப் பின்னால் எந்த இடத்தில் அளக்கிறோமோ, வெறும் கரைச் சுற்றிலும் அதே இடத்தில்தான் அளக்க வேண்டும். ஆழம் குறையக் குறைய அலையின் உயரம் தானே மாறும் என்பதால், பட்டைக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்து ஒப்பிட்டால் தவறான முடிவு வரும்.

இந்த வருடம் எங்கள் தொட்டியில் வந்த கணக்கைச் சொல்கிறேன். வெறும் கரை, நூறு அலைக்குச் சராசரியாக 4.2 செ.மீ. பின்வாங்கியது. 3 செ.மீ. இடைவெளியில் 40 குச்சி நட்டபோது 3.1. நெருக்கமாக 140 நட்டபோது 1.4. நெருக்கமான பட்டைக்குப் பின்னால் அலை உயரம் 1.2 செ.மீ.; குச்சி இல்லாதபோது அதே இடத்தில் 2 செ.மீ. உயரம் பாதிகூடக் குறையவில்லையே, கரை எப்படி மூன்றில் ஒரு பங்கு மட்டும் கரைந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.2-ஐ 2-ஆல் வகுத்தால் 0.6, அதன் வர்க்கம் 0.36. ஆற்றலில் 36 விழுக்காடுதான் கரைக்கு வந்து சேர்ந்தது. மீதி, குச்சிகளைச் சுற்றிச் சுழித்து அங்கேயே செலவாகிவிட்டது. வண்ண மையை ஒரு சொட்டு விட்டால் அந்தச் சுழிகள் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் கரை பின்வாங்கல் அந்த 0.36-ஐ ஒட்டி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். எல்லாச் சுற்றிலும் அப்படி ஒத்துவராது. மூன்று முறை திரும்பச் செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

நான் அதிக நேரம் ஒதுக்குவது அடுத்த சுற்றுக்கு. நெருக்கமான பட்டையின் நடுவில் நான்கு செ.மீ. அகலத்துக்குக் குச்சிகளைப் பிடுங்கி, படகு போகும் வாய்க்கால் மாதிரி ஒரு வழி விடுகிறேன். அலை இரண்டு பக்கமும் தடைபட்டு, அந்த வழியில் கூடுதல் வேகத்தில் நுழைகிறது. ஐம்பது அலைக்குள் வழிக்கு நேர் பின்னால் விசிறி வடிவில் ஒரு குடைவு விழும். நடு நூலில் அளந்தால் 5 செ.மீ.க்கு மேல் போயிருந்தது, வெறும் கரையைவிட அதிகம். பக்கத்து நூல்களில் ஒன்றரை செ.மீ. தான். குனிந்து பார்த்தால் வழியோரக் குச்சிகளின் அடியில் உளுந்து அளவுக்குக் குழி பறிந்து, ஓரத்தில் நிற்பவை ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியிருக்கும். மரம் நட்டால் கரை காப்பாகும் என்று மட்டும் எழுதிப் பழகிய மாணவர்கள், எங்கே விட்டால் எங்கே குடையும் என்று கேட்கத் தொடங்குவது இந்தச் சுற்றில்தான்.

வேரின் வேலை வேறு, அதற்குத் தனித் தட்டு வேண்டும். ஈர்க்கு அலையைத் தடுக்கும், மணலைப் பிடிக்காது. மணல்மேட்டில் அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் செய்யும் வேலையைக் காட்ட, கரையின் மேல்பகுதியில் கேழ்வரகை நெருக்கமாக விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் வளர விடுங்கள். ஒப்பீட்டுத் தட்டில் விதை மட்டும் இல்லை. அதற்கும் அதே அளவு தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரமே மணலைப் பிடித்துவைக்கும் என்பதால். அலை ஏறி அடிக்கும்போது வெறும் மேடு தூளாகச் சரியும். கேழ்வரகு மேடு செங்குத்தாக வெட்டுப்பட்டு, விளிம்பில் வெள்ளை வேர்கள் நூலாகத் தொங்கி நிற்கும். ஆனால் அடியில் தொடர்ந்து குடைந்தால் அதுவும் மொத்தமாகக் கவிழும்.

இதை 1:50 அளவு என்று எடுத்துக்கொண்டால், 2 செ.மீ. அலை கடலில் 1 மீட்டர். நேரம் 50-இன் வர்க்கமூலத்தில் மாறும் என்பதால் ஒரு நொடித் தள்ளல் கடலில் சுமார் 7 நொடி அலை. இதுவரை பொருந்துகிறது. ஆனால் நம் 10 செ.மீ. குச்சிப் பட்டை 5 மீட்டர் காடுதான். உண்மையான அலையாத்திக் காடுகளில் நடந்த அளவீடுகள் 100 மீட்டர் அகலத்தில் அலை உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறைவதாகச் சொல்கின்றன. மணலும் சிறிதாகவில்லை, நம் தொட்டி மணல்துகள் அந்த அளவில் கூழாங்கல். ஆகவே ‘காடு 60 விழுக்காடு காக்கும்’ என்று யாரும் அறிக்கையில் எழுதக் கூடாது. எது அதிகம், எது குறைவு என்று மட்டும் எழுதலாம்.

சுனாமியைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இந்தத் தொட்டியில் அது வராது. இருபது நிமிட இடைவெளியில் வரும் அலையை 1:50-க்குச் சுருக்கினாலும் அதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டும். அது அலையாக அடிப்பதைவிட, நீர்மட்டமே உயர்ந்து உள்ளே பாய்வது போன்றது. 2004-க்குப் பிறகு நம் தென்கிழக்குக் கரையில் 18 மீனவக் குப்பங்களின் உயிரிழப்பை வைத்து, அலையாத்திக் காடு காத்தது என்று ஒரு ஆய்வு 2005-இல் வந்தது. அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்ப எடுத்து, குப்பம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பவையே பெரும்பாலான வித்தியாசத்தை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் தள்ளியும் மேட்டிலும் இருந்தால், காத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதைக் காட்ட எனக்கு இரண்டு தீப்பெட்டி போதும். குச்சியே இல்லாத கரையில் ஒன்றை நீர் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளியும், இன்னொன்றை 12 செ.மீ. தள்ளியும் வைத்து நூறு அலை அடிக்கிறேன். முதல் பெட்டி கரையோடு சரிந்து நனைந்துவிடும், இரண்டாவது அப்படியே இருக்கும். அப்புறம் இரண்டாவது பெட்டிக்கு நேராக மட்டும் கொஞ்சம் குச்சி நட்டு, திரும்பவும் நூறு அடித்து, பெட்டியைக் காத்தது எது என்று எழுதச் சொல்கிறேன்.