சம்பளம் ஏறுகிறது, கட்டணம் அசையவில்லை: விலை உயர்வு விதி பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் துப்புரவு, கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு விலைபோடும் வேலையில் நெடுநாள் இருந்தவள் என்பதால், செலவு ஏறும்போது கட்டணத்தையும் ஏற்ற இடம் தரும் ஒப்பந்த விதியைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகள் இவை. வழக்கு வரை போகக்கூடிய நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

“அக்கா, ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பில் மூன்றாண்டுத் துப்புரவு ஒப்பந்தம், 2025 ஜனவரியில் தொடங்கியது. மாதம் 20,000 வெள்ளி, ஆறு ஊழியர்கள். 1,910 வெள்ளிச் சம்பளம் வரை கணக்கிட்டு விலை கொடுத்தேன். உயர்வு விதி எதுவும் இல்லை. நடுவில் சேர்க்க முடியுமா?” (ஈசூன், நிறுவன உரிமையாளர்)

அவர்கள் ஒப்புக்கொண்டால் முடியும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதனால் முதலில் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள், புலம்பலை அல்ல.

படிப்படியான சம்பள உயர்வு முறையில் பொதுத் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளம் 2025 ஜூலையில் 1,910 வெள்ளி, 2026 ஜூலையில் 2,080, 2027 ஜூலையில் 2,250. ஆண்டுக்கு 170 வெள்ளி ஏற்றம். ஆறு பேருக்கு 1,020. அதன்மேல் முதலாளியின் மத்திய சேம நிதிச் சந்தா 17 விழுக்காடு சேர்த்தால் 1,193.40 வெள்ளி. இது 2026 ஜூலை முதல் உங்கள் மாதச் செலவில் கூடும் தொகை. 2027 ஜூலையில் அது இரட்டிப்பாகும். ஒப்பந்தம் முடியும்போது மொத்தத்தில் ஏறத்தாழ 28,600 வெள்ளி உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். 20,000இல் எட்டு விழுக்காடு இலாபம் வைத்திருந்தால் அது மாதம் 1,600தான். கடைசி ஆறு மாதம் நட்டத்தில் வேலை செய்வீர்கள்.

உங்கள் ஆட்களில் 55 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் சந்தா விகிதம் குறைவு, ஆனால் அதுவும் நகர்கிறது. 55 முதல் 60 வரையிலானவர்களுக்கு முதலாளியின் பங்கு 2026 ஜனவரியில் 15.5 விழுக்காட்டிலிருந்து 16 ஆனது. ஆகவே விதியில் “சம்பளம்” என்று மட்டும் எழுதாமல் “சம்பளமும் சட்டப்படியான சந்தாக்களும்” என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கூடுதல் பணம் தர அவர்கள் ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தாலும், பதிலுக்கு நீங்கள் புதிதாக எதுவும் தரவில்லை என்றால் அந்த வாக்குறுதி சட்டத்தின் முன் ஆட்டம் காணும். ஒப்பந்தத்தைத் திருத்தவும் கைமாறு வேண்டும் என்பதை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. காலாண்டுக்கு ஒருமுறை வாகன நிறுத்துமிடத்தை நீர்பீய்ச்சிக் கழுவித் தருவது போல ஒன்றைச் சேர்த்து, துணை ஒப்பந்தமாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு கொடுத்து விலகும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்பதையும் பேச்சைத் தொடங்குமுன் படித்துவிடுங்கள்.

“எதற்கு இவ்வளவு சுற்று? ‘ஆண்டுதோறும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின்படி கட்டணம் உயரும்’ என்று ஒரு வரி போதும். நான் எல்லா ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன்.” (ஜூரோங்)

குறியீட்டைப் பிடித்தது சரி. எந்தக் குறியீடு, எந்த மாதம் என்று எழுதாததுதான் குறை. 2022இல் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 6.1 விழுக்காடு, மூலாதாரப் பணவீக்கம் 4.1. வீட்டு வாடகையும் சொந்தக் கார் செலவும் முன்னதில் இருக்கின்றன, பின்னதில் இல்லை. துடைப்பத்துக்கும் சோப்புக் கரைசலுக்கும் கார் உரிமைச் சான்றிதழோடு என்ன உறவு? விலை உயர்ந்த ஆண்டில் இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான எண்ணையே நீட்டும். மேலும், புள்ளிவிவரத் துறை குறியீட்டின் அடிப்படை ஆண்டை 2019இலிருந்து 2024க்கு மாற்றியது. ஆகவே புள்ளிகளைக் கழித்துப் பார்க்காமல், ஒரே அடிப்படையில் வெளியான இரு மாத எண்களின் விகிதத்தை எடுக்க வேண்டும்.

பெரிய சிக்கல் வேறு. துப்புரவில் செலவின் பெரும்பகுதி சம்பளம். 1,910க்கு மேல் 170 என்பது ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு. இரண்டு மூன்று விழுக்காட்டுக் குறியீடு அதைத் தொடவே முடியாது. நான் எப்போதும் கட்டணத்தை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: சம்பளப் பகுதி சம்பள அட்டவணையைப் பின்பற்றட்டும், பொருள்கள் பகுதி குறியீட்டைப் பின்பற்றட்டும், இலாபமும் மேற்பார்வையும் அப்படியே நிற்கட்டும். இலாபத்துக்கும் சேர்த்து உயர்வு கேட்பவரை வாடிக்கையாளர் நம்புவதில்லை.

“நான் ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பின் நிர்வாக மன்றத்தில் இருக்கிறேன். 2028 வரையிலான சம்பள அட்டவணை 2021இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. தெரிந்தே குறைந்த விலை கொடுத்து வேலையைப் பிடித்துவிட்டு, இப்போது எங்களிடம் வருவது என்ன நியாயம் மேடம்?” (செங்காங்)

ஈசூன் தம்பி இதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் நீங்கள் சொல்வது உண்மை. முன்கூட்டியே தெரிந்த உயர்வுக்கு உயர்வு விதியே தேவையில்லை. விலைப்புள்ளியிலேயே முதலாண்டு இவ்வளவு, இரண்டாம் ஆண்டு இவ்வளவு என்று போட்டிருக்கலாம். அட்டவணை திருத்தப்பட்டால், சந்தா விகிதம் மாறினால், பொருள் விலை ஏறினால் என்பதற்குத்தான் விதி.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று கேளுங்கள். மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தபோது, மூன்றாம் ஆண்டுச் சம்பளம் அதில் இருக்கிறதா என்று மன்றத்தில் யாராவது பார்த்தார்களா? துப்புரவு உரிமம் வைத்திருப்பவர் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பணம் போதாதபோது ஆறு பேர் வேலைக்கு ஐந்து பேர் வருவார்கள். வருகைப் பதிவேட்டையும் குப்பை அறையையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

“அக்கா, பேசிப் பார்த்தேன். விதிக்குச் சம்மதம், ஆனால் ‘எந்த ஆண்டிலும் மொத்தம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடாது’ என்கிறார்கள். இல்லையென்றால் ‘ஆண்டுதோறும் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும்’ என்று எழுதலாமாம்.” (ஈசூன்)

இரண்டாவதை ஏற்காதீர்கள். பேசி முடிவு வராவிட்டால் பழைய விலைதான். அந்த வரியை வைத்து நீங்கள் ஒரு காசும் வாங்க முடியாது.

முதலாவதில் 20,000இன் மூன்று விழுக்காடு 600 வெள்ளி. உங்கள் செலவு ஏறுவது 1,193.40. பாதிதான் கிடைக்கும். உச்சவரம்பைப் பொருள்கள் பகுதிக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அங்கே மூன்று விழுக்காடு தாராளம். சம்பளப் பகுதிக்கு வரம்பு வேண்டாம், அதற்குப் பதிலாகச் சம்பளப் பட்டியலைக் காட்ட ஒப்புக்கொள்ளுங்கள். குறியீடு இறங்கினால் பொருள்கள் பகுதியும் இறங்கும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒருதலைப்பட்சமான விதி என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

“தேக்காவில் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வாடகை உயர்வு என்று விதி போட்டிருக்கிறார். இதை எப்படி எடுப்பது?”

ஐயா, நீங்கள் மேசையின் மறுபக்கம் இருக்கிறீர்கள். கையெழுத்திட்ட விதியைத் தனியாக எடுக்க முடியாது. ஐந்து விழுக்காடு முதல் வாடகையின் மேலா, முந்தைய ஆண்டு வாடகையின் மேலா என்று மட்டும் பாருங்கள். சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கு 2024 பிப்ரவரி முதல் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உங்கள் குத்தகை அதில் வருமா என்று விசாரியுங்கள்.

“சம்பள உயர்வில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தருகிறதே! அதைக் கழித்துவிட்டுத்தானே எங்களிடம் கேட்க வேண்டும்?” (செங்காங்)

2025 உயர்வுக்கு 40 விழுக்காடு, 2026 உயர்வுக்கு 20. ஈசூன் தம்பியின் கணக்கில் 2026 உயர்வுக்கு மாதம் 204 வெள்ளி. ஆனால் அந்தப் பணம் அடுத்த ஆண்டுதான் வந்து சேரும், குறைந்தும் வருகிறது. அதனால் விலையில் நுழைக்க எனக்கு விருப்பமில்லை. கழிக்கத்தான் வேண்டும் என்று வாதிடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். இதில் ஒருமித்த வழக்கம் இல்லை. பேரத்தில் யார் கை ஓங்கியதோ அவர் சொன்னதே நடக்கிறது.

“கடிதத்தை எப்போது கொடுக்கலாம்?” (ஈசூன்)

ஜூனில் கொடுத்தால் பயனில்லை. அவர்களின் பராமரிப்பு நிதிக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முடிவாகிறது. அதற்குப் பிறகு நல்ல மனம் இருந்தாலும் ஒதுக்கிய பணம் இருக்காது. கூட்டம் எந்த மாதம் என்று நிர்வாக முகவரிடம் கேட்டு, திட்டம் தயாராகும் முன்பே கணக்கோடு கடிதத்தைச் சேர்த்துவிடுங்கள். விதியிலும் புதிய கட்டணம் எந்தத் தேதியில் நடப்புக்கு வரும், எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். பொருள், சேவை வரி தனி என்றும் ஒரு வரி இருக்கட்டும். அது 2023இலும் 2024இலும் ஏறியபோது, “வரி உட்பட” என்று விலை எழுதியிருந்தவர்கள் அந்த ஏற்றத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள்.