ஒரே பட்ஜெட்டில் பல அயிட்டம்: எக்ஸ்சேஞ்ச் கர்வ் போடுவது எப்படி?

கேள்வி: பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு, சுமார் 1,400 அயிட்டம். சேஃப்டி ஸ்டாக்குக்கு இவ்வளவுதான் பணம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் 95% சர்வீஸ் லெவல் வைத்தால் பட்ஜெட் தாண்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி 93%-க்குக் குறைக்கலாமா?

பதில்:

வேண்டாம். எல்லா அயிட்டத்துக்கும் ஒரே சதவீதம் என்பது பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் பணத்தை வீணாக்கும். மூன்றே அயிட்டத்தில் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை.

மெக்கானிக்கல் சீல்: விலை ₹100, வருட விற்பனை 2,400, லீட் டைமில் தேவையின் ஏற்ற இறக்கம் (சிக்மா) 60. பேரிங்: ₹400, விற்பனை 1,200, சிக்மா 30. ரோட்டார்: ₹2,500, விற்பனை 240, சிக்மா 8. மூன்றையும் மாதம் ஒருமுறை ஆர்டர் போடுகிறோம், அதாவது ஒரு ஆர்டருக்கு 200, 100, 20.

நீங்கள் சொல்லும் 93% என்றால், அதாவது நூறு ஆர்டர் சுற்றில் 93-இல் ஸ்டாக் தீராமல் இருக்க வேண்டும் என்றால், சிக்மாவைப் போல ஒன்றரை மடங்கு சேஃப்டி ஸ்டாக். அதற்கு ஆகும் பணம் ₹57,000. வருடத்துக்கு மொத்தம் 34 அல்லது 35 பீஸ் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதில் 21 சீல், 10 அல்லது 11 பேரிங், 3 ரோட்டார்.

இப்போது கையில் ₹1,000 கூடுதலாக வந்தால் எதில் போடுவீர்கள்? சீலில் போட்டால் 10 பீஸ் வரும், வருடத்துக்கு ஏறக்குறைய 7 பற்றாக்குறை குறையும். ரோட்டாரில் போட்டால் அரை ரோட்டார் கூட வராது, குறைவது 0.3 பீஸ்தான். அதே ₹1,000, அதே 93%, பலனில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்படியென்றால் ரோட்டாரிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சீலுக்கு மாற்ற வேண்டும். எதில் ₹1,000 போட்டாலும் ஒரே பலன் என்ற நிலை வரும்வரை மாற்றிக்கொண்டே போகலாம். அந்த நிலையில் கிடைப்பது எக்ஸ்சேஞ்ச் கர்வின், அதாவது எவ்வளவு பணத்துக்கு எவ்வளவு பற்றாக்குறை என்று காட்டும் கோட்டின், ஒரு புள்ளி.

எக்செலில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தேவையில்லை. B-யில் விலை, C-யில் வருடத் தேவை, D-யில் ஆர்டர் அளவு, E-யில் சிக்மா. L1-இல் எல்லா அயிட்டத்துக்கும் பொதுவான ஒரே எண்: கடைசியாகப் போட்ட ஒரு ரூபாய் வருடத்துக்கு எத்தனை பீஸ் பற்றாக்குறையைத் தடுக்க வேண்டும் என்பது.

```
F2: =-NORM.S.INV(MIN(0.5,$L$1*B2*D2/C2))
G2: =B2*E2*F2
H2: =C2/D2*E2*(NORM.S.DIST(F2,FALSE)-F2*(1-NORM.S.DIST(F2,TRUE)))
```

F என்பது சிக்மாவைப் பெருக்கும் எண், G சேஃப்டி ஸ்டாக்கில் முடங்கும் பணம், H வருடப் பற்றாக்குறை. `MIN(0.5,…)` இல்லாவிட்டால் விலை கூடின, அரிதாக ஆர்டர் போகும் அயிட்டங்களுக்கு F மைனஸில் போய்விடும். சில வரிகளில் எரர் கூட வரும். L1-இல் 0.000816 போடுங்கள்: G-யின் கூட்டல் ₹57,000-ஐத் தொடும், H-இன் கூட்டல் 34-லிருந்து 14-க்கு இறங்கிவிடும். பணம் அதேதான். L1-ஐ மாற்ற மாற்ற மற்ற புள்ளிகள் வரும்: ₹29,000-க்கு 57 பீஸ், ₹40,000-க்கு 35, ₹72,000-க்கு 5 அல்லது 6. இதைக் கிராஃபாகப் போட்டால் அதுதான் எக்ஸ்சேஞ்ச் கர்வ். பழைய முறையில் ₹57,000 கொடுத்து வாங்கிய சேவையை ₹40,000-க்கே வாங்கலாம் என்பதும் அதிலேயே தெரியும். மேலிடத்திடம் பேச இந்த ஒரு படம் போதும். பட்ஜெட்டை ₹15,000 ஏற்றினால் 14 பீஸ் 5 அல்லது 6 ஆகும், வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

ஆனால் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மேலே பற்றாக்குறையைப் பீஸ் கணக்கில் எண்ணினோம். அந்த ₹57,000 புள்ளியில் ரோட்டார் பற்றாக்குறை வருடத்துக்கு 3-லிருந்து 9 ஆகியிருக்கிறது. சீல் 21-லிருந்து 2-க்கு வந்ததால் மொத்தம் குறைந்தது, அவ்வளவுதான். இதையே ரூபாய் மதிப்பில் எண்ணினால் கதை தலைகீழ்: பழைய முறையில் இல்லை என்று சொன்ன சரக்கின் மதிப்பு சுமார் ₹13,400, புதிய முறையில் ₹23,500. ரூபாய் கணக்கில் சூத்திரத்திலிருந்து விலை விழுந்துவிடும். மூன்றுக்கும் மாதம் ஒரு ஆர்டர்தான் என்பதால் ஒரே சதவீதம் வைப்பதுதான் அங்கே சிறந்த பதில். ஆக, எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்காமல் கர்வ் போடுவதில் அர்த்தமில்லை. ஸ்பேர் பார்ட்ஸில் எனக்குச் சரியாகப் படுவது பீஸ் கணக்கோடு ஒரு முக்கியத்துவ எண் சேர்ப்பது. ரோட்டார் இல்லாவிட்டால் மோட்டாரே ஓடாது, வேறு கடையிலும் கிடைக்காது என்றால் அதற்கு 5, சாதாரண அயிட்டத்துக்கு 1. F சூத்திரத்தில் C2-வை அந்த எண்ணால் பெருக்குங்கள், H-ஐயும் அதனாலேயே பெருக்குங்கள். நான்கு வகைக்கு மேல் வைக்க வேண்டாம். வைத்தால் ஒவ்வொரு சேல்ஸ்மேனும் தன் அயிட்டத்துக்கு 5 கேட்டு நிற்பார்.

அடுத்து சிக்மா. பெரும்பாலும் கர்வ் பொய்யாவது இங்கேதான். மாத விற்பனையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே E-யில் போடாதீர்கள். லீட் டைம் 10 நாள் என்றால், 10 நாள் தேவையை முன்கூட்டி மதிப்பிட்டதில் எவ்வளவு பிசகுகிறது என்பதுதான் வேண்டும். சப்ளையர் சில நேரம் 25 நாள் இழுத்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஸ்டாக் இல்லாத நாட்களின் விற்பனை சைபரைத் தேவை சைபர் என்று எடுத்தால், ஏற்கெனவே அடிக்கடி தீர்ந்துபோகும் அயிட்டத்துக்கே கணக்குக் குறைவாகத் தரும். சரியா என்று பார்க்க ஒரு வழி: மூன்று மாதத்தில் உண்மையில் இல்லை என்று சொன்ன பீஸ்களை எண்ணி முக்கியத்துவ எண்ணால் பெருக்குவதற்கு முந்தைய H-இன் கால்பங்கோடு ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது சிக்மாவை.

லீட் டைமில் ஒன்றிரண்டு பீஸ் மட்டும் போகும் அயிட்டங்களை இந்த ஷீட்டில் சேர்க்காதீர்கள், 1.3 ரோட்டார் வாங்க முடியாது. அவற்றுக்குப் பாய்சான் பரவல் போட்டு, அடுத்த ஒரு பீஸ் வருடத்துக்குத் தடுக்கும் பற்றாக்குறையை விலையால் வகுத்து, அந்த விகிதம் L1-ஐவிடக் கூடுதலாக இருக்கும்வரை ஒவ்வொரு பீஸாகச் சேர்க்கலாம். L1 பொதுவானது என்பதால் இரண்டு ஷீட்டும் ஒரே பட்ஜெட்டில் சேர்ந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் இப்போது இருக்கும் இடத்தையும் அதே கிராஃபில் ஒரு புள்ளியாக வையுங்கள். கையிருப்பை வைத்து அல்ல. ரீஆர்டர் அளவிலிருந்து லீட் டைம் தேவையைக் கழித்தால் வரும் சேஃப்டி ஸ்டாக்கை வைத்து. நகராத சரக்கு இந்தக் கர்வில் வராது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். மாற்றம் செய்யும்போது சீல் வாங்கும் பணம் இந்த மாதமே வெளியே போகும், ரோட்டாரில் முடங்கிய பணம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் திரும்பும். அதனால் குறைக்க வேண்டிய அயிட்டங்களின் ரீஆர்டர் அளவை முதலில் இறக்குங்கள், ஏற்ற வேண்டியதை ஒன்றிரண்டு ஆர்டர் கழித்து ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் முதல் மாதமே பட்ஜெட் தாண்டிவிடும்.